உழக்கு நெய்க்குத் தொண்ணூறு ஆடு: திருவொற்றியூர்க் கல்வெட்டுகள், கேள்வி பதில்

வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பல கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் விளக்கு, ஆடு, பொன், நிலம் என்ற வழியிலேயே போகிறேன்.

எண்ணூர் மாணவி: "ஒற்றியூர் கோயில் சுவர்ல 'சாவா மூவாப் பேராடு'ன்னு இருக்கிறதா சொன்னாங்க. சாகாத ஆடு எப்படி இருக்கும்?"

தனித்தனி ஆட்டைப் பற்றிய பேச்சில்லை அது, மந்தையின் எண்ணிக்கையைப் பற்றியது. ஒருவர் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிய வேண்டும் என்று 90 ஆடு கொடுக்கிறார். ஆடுகள் கோயிலுக்குள் வருவதில்லை. ஊரில் உள்ள ஒரு இடையரிடம் போகின்றன. மன்றாடி என்று கல்வெட்டு அவரைச் சொல்லும். அவர் நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியை வளர்த்து எண்ணிக்கையை நிரப்புவது அவர் பொறுப்பு. கிழடு தட்டினாலும் அப்படித்தான். ஏட்டில் எப்போதும் 90 இருக்கும். அதனால்தான் அந்த ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு உழக்கு ஒரு நாழி. வருடத்தை 360 நாளாக வைத்தால் 360 உழக்கு, அதாவது 90 நாழி நெய் வேண்டும். ஆடும் 90. ஆக ஒரு ஆட்டின் பேரில் வருடத்துக்கு ஒரு நாழி நெய். இந்தக் கணக்கை முதல்முதலாகப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. 90 என்ற எண் சும்மா விழவில்லை என்று பட்டது. ஆனால் எல்லா ஊரிலும் 90 கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நெய் அதே உழக்கு. அதனால் நாழிக்கணக்கிலிருந்துதான் 90 பிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நாழிக்கு மேல் ஆடு தருவதெல்லாம் இடையருக்கு. மிஞ்சும் பால், குட்டி, ரோமம், கிடை போட்டால் வயலுக்கு எரு. அப்படி மிச்சம் இல்லையென்றால் யாரும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்திருக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை பெரியவர்: "எங்க தாத்தா ஆடு மேய்ச்சவரு. ஆட்டுப்பால்ல நெய் எடுத்து நான் பார்த்ததே இல்ல. தினம் ஒரு உழக்குன்னா நடக்கிற காரியமா?"

ஐயா, நீங்கள் மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை, உங்கள் சந்தேகத்தை ஒதுக்க முடியாது. நீங்கள் பார்த்தது வெள்ளாடாக இருக்கலாம். செம்மறிப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட அதிகம், நெய் எடுக்க முடியும். ஆனால் செம்மறி வருடம் முழுக்கக் கறக்காது. குட்டி போட்ட சில மாதங்கள்தான்.

விஷயம் இதுதான்: நெய் எந்தப் பாலில் எடுத்தது என்று கல்வெட்டு கேட்கவில்லை. அளவைத்தான் கேட்கிறது. தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, இல்லையென்றால் 16 எருமை என்று கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு ஆடு ஒரு பசு, ஆறு ஆடு ஒரு எருமை. ஆடுகள் வறண்டிருக்கும் மாதத்தில் இடையர் பசு நெய்யையோ வாங்கிய நெய்யையோ அளந்திருக்கலாம். ஆட்டை ஒரு முதலாகப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் உங்கள் கேள்வி முழுசாகத் தீரவில்லை. செம்மறிப் பாலில் நெய் எடுத்த பழக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இடையர் ஓடிப்போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். தஞ்சையில் ஒவ்வொரு இடையருக்கும் அடைகுடி என்று அவருடைய உறவினர் பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அவர் தவறினால் இவர்கள் தலையில் விழும்.

தங்கசாலை, வங்கியில் வேலை பார்ப்பவர்: "அப்போ கோயில்தான் அந்தக் காலத்து பேங்க். 15 பர்சென்ட் வட்டி வாங்கி ஜனங்களைக் கசக்கியிருக்கு, சரிதானே?"

பாதி சரி. வட்டி விகிதம் நீங்கள் சொன்ன மாதிரிதான். தொண்டை மண்டலத்தில் கழஞ்சுக்கு வருடம் மூன்று மஞ்சாடி என்பதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டும் பொன் நிறுக்கும் எடை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, ஆக 15 சதம். தஞ்சையில் காசுக்கு அரைக்கால் காசு, 12.5 சதம்.

ஆனால் கடன் வாங்கியது யார் என்று பாருங்கள். பல இடங்களில் அது தனி ஏழை விவசாயி இல்லை, ஊர்ச்சபை. நம்ம ஒற்றியூரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற நண்பனாக இருந்த வல்லபன் என்ற கேரளத்துக்காரர். 949 வாக்கில் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானை மேலேயே இறந்தான். கூடவே சாகவில்லையே என்று நொந்த இவர், கங்கையாடித் திரும்பி, ஒற்றியூர் மடத்தில் நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கிச் சதுரானன பண்டிதர் ஆனார். பத்து வருடம் கழித்து, இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டில், நரசிங்கமங்கலம் சபையிடம் 100 நிஷ்கம் பொன் கொடுக்கிறார். அதன் வட்டியில் தன் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தில் மாதாமாதம் சிறப்புப் பூசை நடக்க வேண்டும். நண்பனைக் கொன்ற படையின் அரசன் பெயரிலேயே ஆண்டு கணக்கிட்டு இந்தத் தர்மம் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இந்த மாதிரி முதல் திரும்பி வராது. சபை பொன்னை வாங்கி ஏரி வெட்டும், கலிங்கு கட்டும், வரி பாக்கியை அடைக்கும். வட்டி மட்டும் சந்திரன் சூரியன் உள்ளவரை போகும். ஆகவே இதைக் கடன் என்பதைவிட, ஊரின் வருங்கால விளைச்சலில் ஒரு பங்கை விற்றது என்று சொல்வதே பொருத்தம்.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. 30 கழஞ்சு கொடுத்து ஒரு விளக்கு வைத்ததாக எடுத்துக்கொள்வோம். வட்டி வருடம் 90 மஞ்சாடி. ஏற்பாட்டில் "நெய் உழக்கு" என்று எழுதியிருந்தால், நெய் விலை ஏறும்போது அடி சபைக்கு. "பொன் இத்தனை" என்று எழுதியிருந்தால் அடி கோயிலுக்கு. கல்வெட்டு படிக்கும்போது இந்த ஒரு சொல்லை முதலில் தேடுங்கள், யார் தலையில் ஆபத்து என்று தெரிந்துவிடும்.

மணலியிலிருந்து ஒருவர்: "எங்க வீடு கோயில் நிலம்னு நோட்டீஸ் வந்திருக்கு சார். ராஜா கொடுத்த தேவதானம்னா எங்களுக்கு உரிமையே இல்லையா?"

நோட்டீஸுக்கு வக்கீலைப் பாருங்கள், அது என் வேலை இல்லை. கல்வெட்டில் ஒரு ஊர்ப் பெயரைக் காட்டி இன்றைய சர்வே எண்ணுக்கு உரிமை சொல்ல முடியாது. நடுவில் எத்தனையோ கை மாறியிருக்கும்.

தேவதானம் என்றால் அந்தக் காலத்தில் என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். பல இடங்களில் அரசனுக்குச் சேர வேண்டிய வரியைத்தான் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். உழுதவர் அங்கேயே உழுதார். "குடிநீங்காத் தேவதானம்" என்ற சொல் அதற்கே இருக்கிறது, குடிகளை அகற்றாமல் கொடுத்த நிலம். "குடிநீக்கி" என்று இருந்தால் நிலைமை வேறு. அங்கே பழைய உழுகுடிகளின் உரிமை போய்விட்டது. ஓரிரண்டு எழுத்து மாறினால் ஒரு ஊர் ஜனத்தின் கதை மாறிவிடுகிறது.

செப்பேடுகளில் எல்லை குறித்த விதம் அழகானது. பெண் யானையை நடக்கவிட்டு, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். "மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்போடி ஆமை தவழ்ந்த" இடமெல்லாம் அடக்கம் என்று எழுதினார்கள். உடும்பு ஓடுவது மேட்டுக்காடு, ஆமை தவழ்வது நீர்நிலை. நன்செய் புன்செய் தாண்டித் தரிசும் குளமும் சேர்த்தே கொடுத்தாயிற்று என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

ராயபுரம், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்: "ஐந்நூற்றுவர்னா ஐநூறு வியாபாரிங்களா? அவங்களும் கோயிலுக்குக் கொடுத்தாங்களா?"

ஐநூறு பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டாம், அது வணிகக் குழுவின் பெயர். முழுப்பெயர் நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். சுமத்ராவில் பாரூஸ் பக்கம் 1088-ஆம் ஆண்டு இவர்கள் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கப்பல் உடையவரும் உடன் வந்தவர்களும் குழுவுக்குப் பொன் கட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம் என்று அதில் விதி. நீங்கள் வேலை பார்த்த இடத்து வாசல் சீட்டு மாதிரிதான்.

கோயிலுக்கும் கொடுத்தார்கள், ஆனால் அவர்கள் பாணியில். சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் இருக்கிற கல்வெட்டைப் பாருங்கள். வணிகர்கள் கூடி, தங்கள் சரக்கில் மூட்டைக்கு இத்தனை, பொதிக்கு இத்தனை என்று தாங்களே மகமை விதித்துக்கொண்டார்கள். நிலம் உள்ளவர் நிலத்தைக் கொடுத்தார், இடையரிடம் ஆடு போனது, வணிகர் போக்குவரத்தில் ஒரு துளியைக் கொடுத்தார். வியாபாரம் படுத்தால் கோயில் வரவும் படுக்கும் என்பது இதில் உள்ள கஷ்டம்.

எண்ணூர் மாணவி, மறுபடியும்: "இவ்வளவும் ஒழுங்கா நடந்துச்சா?"

எப்போதும் இல்லை. வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில், முதலாம் இராசராசன் காலத்தில், மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற அரசகுலத்தவர் கோயிலுக்கு வந்தார். சன்னிதியில் நின்று பார்த்தால் நிவேதன அரிசி இரண்டு நாழிக்குக் குறைந்துபோயிருந்தது. நெய் இல்லை, கறி இல்லை, தயிர் இல்லை, விளக்குகளைக் கவனிப்பார் இல்லை. அவர் உடனே சிவப்பிராமணரையும் நிர்வாகிகளையும் கூப்பிட்டு, ஏட்டின்படி வரவென்ன செலவென்ன என்று கேட்டார். மன்னன் பெயரும் மானியமும் சரியாக இருந்தும் தட்டில் அரிசி இல்லை. கல்லில் இருப்பதை நடந்ததாக நம்பிவிடக் கூடாது என்பதற்கு நான் காட்டும் சாட்சி இதுதான்.

அம்மா, நீ நேரில் பார்க்கப் போனால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் வேண்டாம். ஆதிபுரீசுவரரைக் கவசம் இல்லாமல் பார்க்க ஊரே திரண்டு நிற்கும், சுவர்ப் பக்கம் ஒதுங்க முடியாது. சாதாரண நாளில் காலை வெயில் சாய்வாக விழும்போது போ. கருவறையைச் சுற்றி, பின்பக்கம் யானை முதுகு போல் வளைந்த கருங்கல் விமானம் இருக்கும், முதலாம் இராசேந்திரன் காலத்தது. சுவரில் "ஆடு" என்ற சொல்லைத் தேடு. பக்கத்தில் ௯௰ என்று இருந்தால், அதுதான் தொண்ணூறு.