காப்பகச் செலவுக்காக வேலையை விடலாமா?

“குழந்தையின் பகல்நேரக் காப்பகத்துக்கே என் சம்பளம் முழுக்கப் போய்விடுகிறது. வேலையை விட்டுவிடலாமா?”

இந்த ஒரு வருடக் கணக்கை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். குழந்தை பள்ளிக்குப் போகும் வருடம் வரைக்கும் கணக்கை நீட்டிப் பாருங்கள்.

கைக்கு வருவது 100 என்று வையுங்கள். காப்பகம் 80, போக்குவரத்தும் வெளிச்சாப்பாடும் 15. மிச்சம் 5தான். இதைப் பார்த்தால் யாருக்கும் விடத்தான் தோன்றும். ஆனால் வருடம் 5 கூடினால் மூன்று வருடத்தில் சம்பளம் 115. பள்ளி தொடங்கி, பராமரிப்பு 30 ஆகக் குறைந்தால் மிச்சம் 70. இடையில் விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த 115 உடனே கிடைப்பது கஷ்டம். பழைய 100க்கே பேரம் பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்று, செலவை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே. பாதிப் பாதியாகப் போட்டுப் பாருங்கள், படமே மாறும்.

சம்பளச் சீட்டை எடுத்து, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் போடும் பங்கையும் மருத்துவக் காப்பீட்டையும் மிச்சத்தோடு சேருங்கள். வேலையை விட்டால் அவையும் நிற்கும்.

ஆனால் மிச்சம் மைனஸில் போய், மாதாமாதம் கடன் வாங்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போதும் ராஜினாமாவுக்கு முன்னால் சம்பளமில்லா விடுப்போ பகுதிநேரமோ கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.