டிஸ்சார்ஜ் தாமதமும் திட்டப் பட்டயமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைக்கும் பணி தொடங்கவிருக்கிறது. திட்டத்தின் நோக்கம், எல்லை, பொறுப்பாளர்கள் ஆகியவற்றை வரையறுக்கும் ஆவணமான திட்டப் பட்டயத்தில் ‘டிஸ்சார்ஜ் நடைமுறையை மேம்படுத்துதல்’ என்று எழுதியிருக்கிறோம். எல்லையைக் குறிக்க இது போதாதா?

போதாது. ஒரு நடைமுறையின் எல்லையை அதன் தொடக்க நிகழ்வும் முடிவு நிகழ்வும்தான் வரையறுக்கும். மருத்துவர் காலைச் சுற்றில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்வது தொடக்கமா, அந்த உத்தரவு கணினியில் ஏறுவது தொடக்கமா? பில் கட்டி முடிப்பது முடிவா, நோயாளி அறையை விட்டு வெளியேறுவது முடிவா, அல்லது அடுத்தவருக்காகப் படுக்கை தயாராவதா? அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்போருக்குப் படுக்கை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமானால், அறையைச் சுத்தம் செய்வதும் எல்லைக்குள் வந்தாக வேண்டும். நோயாளியின் காத்திருப்பைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால் அதை வெளியே விட்டுவிடலாம்.

எது எல்லைக்கு வெளியே என்பதையும் எழுதிவையுங்கள். காப்பீட்டு நோயாளிகளின் இறுதி ஒப்புதல் அப்படி ஒன்று. மருத்துவமனையின் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி. அந்தக் காத்திருப்பு உங்கள் குழுவின் கையில் இல்லை; ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றைக் குறையில்லாமல் அனுப்பும் வரையிலான நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே கோரிக்கை அனுப்பும் வரை ஒரு கணக்கு, பதில் வந்தபின் நோயாளி வெளியேறும் வரை இன்னொரு கணக்கு என்று எல்லையைப் பிரித்து எழுதினால், மாத இறுதிக் கூட்டத்தில் எல்லாப் பழியும் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் விழாது.

கேள்வி: ‘சராசரி டிஸ்சார்ஜ் நேரத்தை 3 மணியாகக் குறைத்தல்’ என்பது நல்ல அளவுகோல்தானே?

சராசரி ஏமாற்றும். ஒரு நாளில் பத்துப் பேர் வெளியேறுகிறார்கள். எட்டுப் பேருக்குத் தலா 3 மணி, இருவருக்குத் தலா 9 மணி ஆகிறது என்று கொள்வோம். சராசரி 4.2 மணி என்று வரும். ஆனால் அவ்வளவு நேரம் காத்திருந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. ‘பத்தில் ஒன்பது பேர் 3 மணிக்குள் வெளியேற வேண்டும்’ என்று எழுதி, ரொக்கம் கட்டுவோரையும் காப்பீட்டு நோயாளிகளையும் தனித்தனியே கணக்கிடுவது நேர்மையானது. வேலை தொடங்குமுன் சில வாரங்களுக்கு இன்றைய நிலையை இதே முறையில் அளந்து பட்டயத்தில் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் பின்னர் வரும் முன்னேற்றம் வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கணினிப் பதிவிலிருந்து கடிகாரம் ஓடும் என்று வைத்தால், சம்மரி தயாராகும் வரை உத்தரவைப் பதியாமல் வைத்திருக்கும் பழக்கம் வார்டில் மெல்ல நுழைந்துவிடும். அறிக்கையில் நேரம் குறையும், நோயாளி அதே நேரம்தான் காத்திருப்பார். மருத்துவர் சுற்று வந்த நேரத்தைச் செவிலியர் குறிப்பில் பார்த்துக் கணினி நேரத்தோடு ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும். அவசரத்தில் பில் தவறாகப் போகிறதா என்பதை அறிய, நோயாளி சென்றபின் சேர்க்கப்பட்ட கட்டணங்களின் எண்ணிக்கையையும் இரண்டாவது அளவுகோலாக வையுங்கள்.

கேள்வி: பட்டயத்தில் யார் கையெழுத்திட வேண்டும்?

வரைவைத் திட்ட மேலாளரே எழுதலாம். வெளியிட வேண்டியவர் பணமும் ஆட்களும் ஒதுக்கும் அதிகாரமுள்ள புரவலர். இங்கே அவர் மருத்துவக் கண்காணிப்பாளராகவோ நிர்வாக இயக்குநராகவோ இருப்பார். திட்டத்தோடு தொடர்புடையோரைக் குறிக்கும் பங்குதாரர் பட்டியலில் மருத்துவர், செவிலியர், பில்லிங் ஆகியோரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விடுபடுவது பெரும்பாலும் மருந்தகம். பயன்படுத்தாத மருந்துகள் வார்டிலிருந்து திரும்பி வந்து வரவு வைக்கப்படாமல் இறுதி பில் முடியாது. அந்தப் பிரிவின் பொறுப்பாளரை எப்போது கலந்தாலோசிப்பது, எதை அவர் முடிவு செய்யலாம் என்று பெயருக்கு எதிரே எழுதாவிட்டால், அது வெறும் பெயர்ப்பட்டியல்தான்.

கேள்வி: மைல்கற்களுக்குத் தேதி மட்டும் போதுமா?

தேதியோடு, முடிந்தது என்பதற்கான சான்றும் வேண்டும். ‘பயிற்சி நிறைவு’ என்பதற்குப் பதிலாக, ‘முதல் வார்டில் மறுநாள் போகக்கூடியவர்களின் சம்மரி வரைவு முந்தைய மாலையே தயாராக இருப்பது, தொடர்ந்து இரண்டு வாரம்’ என்று எழுதுங்கள். இப்படி எழுதினால், அடுத்த வார்டுக்குச் செல்லலாமா என்று விவாதிக்க வேண்டியதில்லை.

கேள்வி: கையெழுத்தானபின் எல்லையை மாற்றக் கூடாதா?

மாற்றலாம். ஆனால் வாய்மொழியாக அல்ல. பாதியில் யாராவது பகல்நேரச் சிகிச்சைப் பிரிவையும் சேர்க்கச் சொன்னால், கூடுதல் ஆட்கள், தள்ளிப்போகும் மைல்கல், அந்தப் பிரிவின் இன்றைய நிலை அளவீடு ஆகிய மூன்றையும் எழுதிப் புரவலரிடம் மீண்டும் கையெழுத்து வாங்குங்கள். மூன்றில் ஒன்றுக்கு அவர் இணங்காவிட்டால் பழைய பட்டயமே தொடரும்.