மாதம் 7,000 வருகிறது, அதில் வட்டி எவ்வளவு?

காவேரிப்பட்டணம் வாசகர்: எனக்கு 60 வயது. மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்ற பணம் இருக்கிறது. 10 லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்க மாதம் 7,000 பென்ஷன் என்கிறார் ஏஜெண்ட். என் காலத்துக்குப் பிறகு எதுவும் திரும்ப வராதாம். "வருஷத்துக்கு 8.4 சதவீதம், எந்த பேங்க்ல கிடைக்கும்?" என்கிறார். எடுக்கலாமா?

அந்த 8.4ஐ வட்டி என்று சொல்வதுதான் பிழை. வருடம் 84,000 வருகிறது, அதைப் 10 லட்சத்தால் வகுத்தால் 8.4. வகுத்தல் சரி. ஆனால் வருகிற ஒவ்வொரு 7,000லும் உங்கள் முதலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. தோப்பைக் குத்தகைக்கு விட்டால் காசும் வரும், தோப்பும் உங்களுடையது. தோப்பையே விற்று அந்த விலையைத் தவணையாக வாங்கினால் அதைக் குத்தகைப் பணம் என்பீர்களா?

முதலில் 10 லட்சத்தை 7,000ஆல் வகுத்துப் பாருங்கள். 143 மாதம் வரும், அதாவது ஏறத்தாழ 12 வருடம். 72 வயது வரை உங்கள் கைக்கு வருவது நீங்கள் கொடுத்த பணம் மட்டும்தான். லாபம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

அடுத்து, எத்தனை ஆண்டு வாங்குவீர்கள் என்ற கணக்கு. 60 வயதை எட்டியவர் நம் நாட்டில் சராசரியாக இன்னும் 18 ஆண்டு அளவில் வாழ்கிறார். 18 ஆண்டு என்றால் 216 மாதம். செல்போனில் இருக்கும் எந்த ஸ்பிரெட்ஷீட்டிலும் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(216,7000,-1000000)*12
```

முதல் எண் மாதங்கள், இரண்டாவது மாதத் தொகை, மூன்றாவது நீங்கள் கட்டிய விலை. விலை உங்கள் கையை விட்டுப் போவதால் அதன் முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். குறியை விட்டால் பிழை என்று காட்டும். செல் சதவீதமாக அமைந்திருந்தால் விடை 4.94 என்று வரும். 8.4 எங்கே, 4.94 எங்கே!

இப்போது முதல் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். 85 வயது வரை என்றால் 300 மாதம், விடை 6.9. 90 வரை என்றால் 360 மாதம், 7.5. எத்தனை வயது வாழ்ந்தாலும் 8.4ஐத் தொடவே தொடாது, ஏனென்றால் முதல் ஒருநாளும் முழுதாகத் திரும்புவதில்லை. 70 வயதில் முடிந்துவிட்டால் வந்தது 8.4 லட்சம், 1.6 லட்சம் போயே போச்சு.

கையெழுத்துப் போடும் முன் அஞ்சலகத்துக்குப் போய் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைக் கேளுங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. போடுகிற நாளில் என்ன வீதம் என்று அங்கே உறுதி செய்துகொள்ளுங்கள். 8.2 என்றால் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும், மாதத்துக்கு 6,833. ஏஜெண்ட் தருவது அதைவிட 167 ரூபாய் கூட. அந்த 167க்காக 10 லட்சத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் மீதுதான் எனக்குத் தீராத கோபம்.

ஆன்யூட்டி எனப்படும் இந்த ஆயுள் பென்ஷனுக்கு உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். அஞ்சலக வட்டி 5 வருடத்துக்குத்தான் உறுதி, அதன்பின் வீதம் குறையலாம். ஆன்யூட்டியில் 95 வயதிலும் அதே 7,000 வரும். நீங்கள் வாங்குவது நீண்ட ஆயுளுக்கான காப்பீடு. அது தேவை என்றால் பணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும், அதுவும் இன்னும் வயது ஏறிய பிறகு எடுங்கள். வயது கூடக் கூட அதே விலைக்கு மாதத் தொகை கூடும்.

அரூர் வாசகர்: இந்தியர் சராசரி ஆயுள் 70 என்று படித்தேன். எனக்கு 66. நாலு வருஷக் கணக்குத்தானே போட வேண்டும்?

இல்லை. 70 என்பது இன்று பிறக்கும் குழந்தைக்கான சராசரி. சிறு வயதில் இறப்பவர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள், நீங்கள் அந்த ஆபத்தையெல்லாம் தாண்டி வந்துவிட்டவர். 65 வயதில் இருப்பவருக்கு இன்னும் 14, 15 ஆண்டு என்று வையுங்கள், பெண்களுக்குச் சற்றுக் கூட. அதுவும் சராசரிதான், அதைத் தாண்டி வாழ்பவர்கள் ஏராளம். அதனால் ஒரே வயதுக்குக் கணக்குப் போட்டு நிறுத்தாதீர்கள். சராசரி வயது, 85, 90 என்று மூன்றுக்கும் போடுங்கள். கணவன் மனைவி இருவருக்குமான பாலிசி என்றால் இருவரில் கடைசியாக இருக்கக்கூடியவரின் வயதை வைத்துப் போடுங்கள்.

ஓசூர் வாசகர்: எனக்கும் 60 வயது. அதே 10 லட்சத்துக்கு இரண்டு விதம் காட்டுகிறார்கள். விலை திரும்பாதது மாதம் 7,000. இறந்தபின் நாமினிக்கு 10 லட்சம் திரும்புவது மாதம் 5,500. எது லாபம்?

இரண்டாவது வகையின் கணக்கு எளிது. முதல் முழுதாகத் திரும்புவதால் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது 6.6 சதவீதம்தான். முதல் வகை அந்த 6.6ஐ எப்போது எட்டும் என்று பார்த்தால் 281 மாதம் ஆகிறது. அதாவது நீங்கள் 83 வயதும் 5 மாதமும் தாண்டினால்தான் 7,000 லாபம். அதற்கு முன் என்றால் 5,500தான் மேல். வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் அதிகமா, வாரிசுக்குப் பணம் போக வேண்டுமா என்பதை வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கில் காட்டாத இரண்டு விஷயங்கள் இரு வகைக்கும் பொது. வருகிற தொகை முழுவதும் வருமானமாகவே வரிக்கு வரும், உங்கள் முதல் திரும்பி வரும் பகுதியும் சேர்த்து. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 18 ஆண்டு கழித்து அந்த 7,000 இன்றைய 2,900 ரூபாய்க்கான சாமானைத்தான் வாங்கும்.

பாலக்கோடு வாசகர்: எட்டு மாதம் முன்பு கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. ரத்து செய்து பணம் வாங்க முடியுமா?

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பியிருக்கலாம். அந்த நாள் போய்விட்டது. விலை திரும்பும் வகையாக இருந்தால் சரண்டர் உண்டா என்று பத்திரத்தில் பாருங்கள், இந்த முறையாவது படியுங்கள்.

பென்னாகரம் வாசகி: அப்பா 12 லட்சம் கட்டினார். 14 மாதத்தில் இறந்துவிட்டார். பணம் திரும்ப வரும் என்றுதான் ஏஜெண்ட் சொன்னார். இப்போது கம்பெனி ஒன்றும் கிடையாது என்கிறது.

உங்கள் வேதனை புரிகிறது அம்மா. கம்பெனி வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் பத்திரத்தில் எந்த விருப்பம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விலை திரும்பும் வகை என்றால் 12 லட்சம் நாமினிக்கு உரியது. 5, 10, 15 ஆண்டு உறுதி என்ற வகையாக இருந்தால் மீதி ஆண்டுகளுக்கான மாதத் தொகை நாமினிக்கு வர வேண்டும். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் இல்லை, திரும்பாத வகைதான் என்றால், ஏமாற்றி விற்றதாகக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, துண்டுச் சீட்டில் எழுதிக்காட்டிய கணக்கு, விண்ணப்பப் படிவத்தின் நகல் எல்லாம் இணையுங்கள். படிவத்தில் விருப்பத்தைக் குறித்த கையெழுத்து அப்பாவுடையதா என்று பாருங்கள், பல வழக்குகள் அங்கேதான் திரும்பும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நகல்களை அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.