மகன் போனில் பந்தய ஆப் அறிவிப்பு

"சார்ஜில் கிடந்த மகன் போனில் 'உங்கள் போனஸ் இன்றிரவு முடிகிறது' என்று பந்தய ஆப் அறிவிப்பு. வயது 20. கேட்டால் கத்துவான். எப்படிப் பேசுவது?"

என் அக்காவும் தன் மகன் போனில் இப்படியொரு அறிவிப்பைப் பார்த்தாள். அன்று மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததால் வாயே திறக்கவில்லை. பணம் போட்டிருக்கும் நேரத்தில் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. மறுநாள் துணி மடிக்கும்போது, "பந்தய ஆப் மெசேஜ் பார்த்தேன்டா. திட்டப் போறதில்ல. விட்டதைப் பிடிக்கத்தான் இன்னும் ஆடுறியா?" என்றாள்.

"சும்மா ஜாலிக்கும்மா."

அவள் வாதாடவில்லை. "பேங்க் ஸ்டேட்மென்ட்ல போனது, வந்தது ரெண்டையும் நீயே கூட்டிப் பாரு."

ஜெயித்தது மட்டும் மனதில் நிற்கும், சின்னச் சின்னதாய்ப் போனது நிற்காது. கூட்டி முடித்தவன் சட்டையை மடித்தபடியே, நண்பனிடம் கடன் வாங்கியதையும் சொல்லிவிட்டான். அறிவுரையில் ஆரம்பித்திருந்தால் அது வந்திருக்காது என்பது என் கணிப்பு.

கடனை அடைக்க உதவினால் பணத்தை அவன் கையில் தராதீர்கள், கடன் கொடுத்தவருக்கே நேராகப் போகட்டும். ஆப்பை அழித்தாலும் கணக்கு உயிரோடு இருக்கும், எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கும். கணக்கையே மூடச் சொல்லுங்கள், அதையும் அவனே செய்யட்டும்.