டிவி இருக்கிறதா, ஆடு இருக்கிறதா: சொத்துப் பட்டியலை வைத்து வசதியை அளப்பது பற்றி கேள்வி பதில்

வருமானத்தையே நேராகக் கேட்டால் என்ன? எதற்கு இந்தச் சுற்றுவழி? (கல்லூரி மாணவர்)

கேட்டுப் பாருங்கள். விவசாயக் கூலிக்குப் போகிறவர் ஆடியில் சொல்லும் தொகை வேறு, தையில் சொல்லும் தொகை வேறு. சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு வருமானம் எது, முதலில் போட்ட காசு எது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வராது. ரேஷன் கார்டைப் பறித்துவிடுவார்களோ என்று குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. ஃபிரிட்ஜ் இருக்கிறதா, தரை என்ன தரை என்பதையோ, கேட்பவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பொருளாதார ஆய்வாளர்கள் டியான் ஃபில்மரும் லான்ட் பிரிட்செட்டும் 2001-ல் இதைத்தான் செய்தார்கள். 1992-93 இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வான என்எஃப்எச்எஸ்-1-ல் வருமானமும் இல்லை, செலவுக் கணக்கும் இல்லை. அதில் இருந்த 21 சொத்து, வீட்டுவசதிக் கேள்விகளை, பல கேள்விகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வான பிசிஏ-வில் போட்டு, வந்த முதல் கூறையே வசதிக்கான அளவாக வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆய்வு தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றில். பட்டியலில் டிவி, மிக்சி, கிரைண்டர், ஃபேன் நான்கும் உண்டு. கைடு "இருக்கட்டும்" என்கிறார். இருக்கலாமா மேடம்? (பொது சுகாதார ஆய்வு மாணவி)

உங்கள் கைடு சொன்னது வேறு மாநிலத்துக்குச் சரியாக இருக்கும். இங்கே 2006-க்குப் பிறகு வந்த ஆட்சி கலர் டிவி கொடுத்தது. 2011-க்குப் பிறகு வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. காசு சேர்த்து வாங்கிய பொருள் வீட்டின் வசதியைச் சொல்லும். திட்டத்தில் வந்த பொருள் அந்த வீட்டில் எந்தக் கார்டு இருந்தது என்பதைத்தான் சொல்லும்.

கணக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிசிஏ ஒவ்வொரு பொருளுக்கும் லோடிங் என்று ஒரு எடை தருகிறது. அதை f என்போம். அந்தப் பொருளின் திட்ட விலக்கம் s. இருக்கு/இல்லை என்ற கேள்வியில், p பங்கு வீடுகளில் பொருள் இருந்தால் s = √(p(1−p)). பொருள் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் மதிப்பெண்ணில் வரும் வித்தியாசம் f/s. கணக்குக்காக, 40% வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, லோடிங் 0.38 என்று வைப்போம். s 0.49, வித்தியாசம் 0.78. டிவி 96% வீடுகளில் இருக்கிறது, லோடிங் வெறும் 0.10. ஆனால் s 0.196 என்பதால் வித்தியாசம் 0.51 ஆகிவிடுகிறது. லோடிங் சின்னது, டிவி பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டால், டிவி இல்லாத அந்த 4% வீடுகள் அரைப் புள்ளி கீழே போகும். அந்த 4% யார்? சிலர் உண்மையிலேயே ஒன்றுமில்லாதவர்கள். வேறு சிலர் லேப்டாப்பிலேயே எல்லாம் பார்க்கும் இளம் தம்பதிகள். இரண்டு பேரையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள்.

மிக்சி, கிரைண்டர், ஃபேன் இன்னும் மோசம். மூன்றும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போனவை. அதனால் ஒன்று இருக்கும் வீட்டில் மற்ற இரண்டும் இருக்கும். பிசிஏ தேடுவதே இப்படிச் சேர்ந்து நகரும் பொருள்களைத்தான். வசதியால் சேர்ந்தனவா, திட்டத்தால் சேர்ந்தனவா என்று அதற்குத் தெரியாது. லோடிங் பட்டியலைப் பாருங்கள். மேலே இந்த மூன்றும் நின்று, பைக்கும் ஃபிரிட்ஜும் கீழே கிடந்தால், நீங்கள் அளந்திருப்பது திட்டப் பயனாளிகளைத்தான். இனிமேல்தான் களத்துக்குப் போகிறீர்கள் என்றால் "வாங்கினதா, திட்டத்தில் வந்ததா" என்று ஒரு கேள்வி சேருங்கள். போய் வந்துவிட்டீர்கள் என்றால் டிவியோடு சேர்த்து நான்கையும் எடுத்துவிட்டு வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், பைக், கார், ஏசி, தரை, கூரை, சமையல் எரிபொருள் இவற்றை வைத்து ஓட்டுங்கள். 2011-க்குப் பிறகு பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப்பும் போயிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆய்வு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி என்றால், கழிப்பறையையும் குடிநீரையும் பட்டியலில் வைக்காதீர்கள். காரணத்தையே வசதி என்று பெயர் மாற்றி வைத்ததாகிவிடும்.

முதல் கூறு 19% மாறுபாட்டைத்தான் விளக்குகிறது. ரொம்பக் குறைவு இல்லையா? (எம்.ஃபில். மாணவர்)

இல்லை. ஃபில்மர், பிரிட்செட் ஆய்விலேயே 25.6% தான். இருக்கு/இல்லை கேள்விகளில் இப்படித்தான் வரும்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கில் மைனஸ் மதிப்பெண் வருகிறது. கோடிங்கில் தப்பா? ஆடு சொத்துதானே! (களப்பணி ஒருங்கிணைப்பாளர்)

கோடிங் சரியாகத்தான் இருக்கும். முதல் கூறு வசதியைத் தேடிப் போய், பல நேரம் நகரத்தன்மையைப் பிடித்துக்கொண்டு வரும். ஃபிரிட்ஜ், வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், கேஸ் எல்லாம் டவுனில் சேர்ந்திருக்கும். ஆடு, நிலம், மாடு எல்லாம் டவுனில் இருக்காது. எனவே அவற்றுக்கு எதிர்க்குறி.

என்ன சேதம் என்று பார்க்க இரண்டு வீடுகளை எடுங்கள். ஒன்று கிராமத்தில். நிலம், ஆடு, பைக் உண்டு, ஃபிரிட்ஜ் இல்லை, தண்ணீர் தெருக்குழாயில். இன்னொன்று டவுனில் ஒற்றை அறை வாடகை வீடு. ஃபிரிட்ஜ் உண்டு, உள்ளேயே குழாய் உண்டு, பைக் இல்லை. மற்றது எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல. மேலே சொன்ன மாதிரி கணக்குக்காக f/s மதிப்புகளை எடுப்போம்: பைக் 0.60, ஃபிரிட்ஜ் 0.78, உள்குழாய் 0.66, ஆடு −0.50, நிலம் −0.22. கிராமத்து வீட்டுக்கு 0.60 − 0.50 − 0.22 = −0.12. டவுன் வீட்டுக்கு 1.44. இடைவெளி 1.56. கிராமத்து வீட்டில் ஆடும் நிலமும் இல்லை என்று வைத்தால் இடைவெளி 0.84 ஆகக் குறையும். அதாவது சொத்து இருப்பதற்காகவே அந்தக் குடும்பம் ஏழையாக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு, பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளான டிஎச்எஸ் ஆய்வுகளில் ஷீ ரட்ஸ்டீன் 2008-ல் ஒரு வழி சொன்னார். நகரம், கிராமம் இரண்டிலும் ஒரே அர்த்தம் தரும் பொருள்களை மட்டும் வைத்து ஒரு குறியீடு. நகரத்துக்குத் தனியாக ஒன்று. கிராமத்துக்கு ஆடு, நிலம் எல்லாம் சேர்த்துத் தனியாக ஒன்று. பிறகு பொதுக் குறியீட்டைத் தனிக் குறியீட்டின் மேல் ரிக்ரஷன் போட்டு, அதில் வரும் மாறிலியையும் சாய்வையும் கொண்டு இரண்டையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றுவது. கிராமத்துப் பட்டியலைத் தனியாக ஓட்டும்போது நிலத்தின் குறி பெரும்பாலும் பிளஸ்ஸாக மாறும்.

ஆட்டைப் பற்றி மட்டும் உறுதி கொடுக்க மாட்டேன். இங்கே 2011-க்குப் பிறகு கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு ஆடுகள் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர் உண்மையிலேயே ஏழையாக இருக்கலாம். எத்தனை ஆடு என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருப்பதால் அரிசி கார்டை ரத்து செய்துவிடுவார்களா? (இல்லத்தரசி)

இது அந்தக் கணக்கு இல்லை அம்மா. ஆய்வில் நீங்கள் சொல்லும் பதில் கார்டு பட்டியலுக்குப் போவதில்லை. கார்டு பற்றி வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள்.

18% தான் வருகிறது, பரவாயில்லையா?

மேலே பாருங்கள்.

இத்தனை மேஜிக் எதற்கு? என்எஃப்எச்எஸ்-2 காலத்தில் கார் 4, ஃபிரிட்ஜ் 3, சைக்கிள் 2, கடிகாரம் 1 என்று நாமே எண் கொடுத்துக் கூட்டினோம். எல்லோருக்கும் புரிந்தது. (ஓய்வு பெற்ற புள்ளியியல் அலுவலர்)

ஐயா, உங்கள் கூட்டலையும் பிசிஏ வரிசையையும் ஒப்பிட்டால் பெரும்பாலான வீடுகள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் கலர் டிவிக்கு 3. இலவச டிவி வந்த பிறகும் அதே 3-ஐக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

எல்லோருக்கும் 3 கூடினால் வரிசை மாறாதே, மேடம்! (அதே அலுவலர்)

எல்லோருக்கும் ஒரே நாளில் வந்திருந்தால் மாறாது. கட்டம் கட்டமாக வந்தது. டிவி வந்த ஊர் முழுக்க, வராத ஊரைவிட 3 மேலே ஏறி நிற்கும்.

அப்போது உங்கள் பிசிஏ-வும் அதே ஊரைத்தான் மேலே ஏற்றும். நான் அந்த 3-ஐ வெட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் லோடிங்கை யார் கேள்வி கேட்பார்கள்? (அதே அலுவலர்)

நியாயமான அடி. பிசிஏ-வில் எடைகளைக் கொடுப்பது தரவுதான் என்பதால் அது நடுநிலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் எதை வைப்பது என்று முடிவு செய்யும்போதே பாதி எடையை நாம் கொடுத்துவிடுகிறோம். நான் பிசிஏ பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம், 4-ஆ 3-ஆ என்று கமிட்டியில் சண்டை போட வேண்டாம்.

சண்டை போட்டால்தான் யோசிப்பார்கள். (அதே அலுவலர்)

இரண்டு பேரும் தப்பு. குடும்பச் செலவைக் கேளுங்கள், அதுதான் உண்மை. (பொருளாதார ஆசிரியர்)

ஆசிரியர் ஐயா, கேட்கலாம். செலவுக் கேள்வித்தாள் நீளமானது, சுகாதார ஆய்வின் நடுவில் அதை நுழைத்தால் பதில் சொல்பவர் எழுந்து போய்விடுவார். அதோடு, செலவும் சொத்தும் ஒன்றையே அளப்பதில்லை. மகள் கல்யாணம் நடந்த மாதம் செலவு மலை மாதிரி இருக்கும், சொத்து அப்படியே இருக்கும், அல்லது குறைந்திருக்கும். ஓய்வு பெற்ற ஐயாவுக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது, அதை இங்கே தீர்க்க முடியாது.

என்எஃப்எச்எஸ்-5 கோப்பில் hv270 இருக்கிறதே, தமிழ்நாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? (தரவு ஆய்வாளர்)

அது வசதி வாரியாக ஐந்து குவின்டைலாக வெட்டிய அகில இந்திய வரிசை. தமிழ்நாட்டை மட்டும் வடிகட்டினால் மிக ஏழைகளின் கடைசிக் குவின்டைலில் 20%-ஐ விட மிகக் குறைவானவர்களே இருப்பார்கள், அதை வைத்து அட்டவணை போட ஆளே போதாது. மதிப்பெண் hv271-ல் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு அதை மறுபடி வெட்டுங்கள். குவின்டைல் என்பது வீடுகளை ஐந்தாகப் பிரிப்பது இல்லை, ஆட்களைப் பிரிப்பது. எனவே எடையை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஸ்டேட்டாவில் இப்படி:

```
gen w = hv005/1000000
xtile q5 = hv271 [aw = w*hv012], nq(5)
```

ஏழை வீடுகளில் ஆட்கள் அதிகம் என்றால், பெருக்க மறந்தவரின் கடைசிக் குவின்டைலில் 20%-க்கு மேல் ஆட்கள் வந்துவிடுவார்கள். எண்ணிப் பார்த்தாலே பிடிபடும்.

அப்படியானால் கடைசிக் குவின்டைல்தான் வறுமைக்கோட்டுக்குக் கீழே, சரிதானே? (தன்னார்வத் தொண்டர்)

இல்லவே இல்லை. கடைசி 20% சுவிட்சர்லாந்திலும் உண்டு. இது வரிசை, கோடு இல்லை.

முதல் ஆய்வில் சராசரி மதிப்பெண் 0, இரண்டாவதிலும் 0. அப்படியானால் ஐந்து வருஷத்தில் ஊர் முன்னேறவே இல்லையா? (களப்பணி ஒருங்கிணைப்பாளர்)

எந்த ஊரில், எந்த வருஷம் ஓட்டினாலும் சராசரி 0 தான் வரும், கணக்கே சராசரியைக் கழித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால், இரண்டு ஆய்வுக்கும் பொதுவான பொருள்களை மட்டும் எடுத்து, முதல் ஆய்வின் சராசரி, s, லோடிங் மூன்றையும் மாற்றாமல் இரண்டாவது தரவில் பயன்படுத்துங்கள். அல்லது இரண்டு தரவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பிசிஏ ஓட்டுங்கள். இரண்டு வழியிலும் செல்போன் மாதிரி நடுவில் அர்த்தம் மாறிய பொருளை வெளியே வைத்துவிடுங்கள்.

மேடம், 22% வருகிறது...

மேலே இரண்டு முறை இருக்கிறது.