கோழியா வௌவாலா: 'பொருந்தாத சொல்' ஒர்க்‌ஷீட்டை எப்படி அமைப்பது?

கேள்வி: என் பையன் இரண்டாம் வகுப்பு. 'காகம், கிளி, கோழி, வௌவால்' இதில் பொருந்தாததை வட்டமிடச் சொன்னதற்கு கோழியை வட்டமிட்டான். விடை வௌவால் என்று தப்பு போட்டு வந்திருக்கிறது. வீட்டில் நானே இந்த மாதிரி ஒர்க்‌ஷீட் தயாரித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எப்படி அமைத்தால் இந்தக் குழப்பம் வராது?

பதில்:

உங்கள் பையன் சொன்னதும் செல்லுகிற விடைதான், அந்தக் கேள்விதான் சரியாக அமையவில்லை. ஒரு குழந்தை சொல்லும் காரணம் நிற்குமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். அந்தக் காரணம் மற்ற மூன்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், வட்டமிட்ட சொல்லுக்குப் பொருந்தக் கூடாது. காகம், கிளி, வௌவால் மூன்றும் நன்றாகப் பறக்கும். கோழி சுவர் மேல் எம்பி உட்காரும், அதோடு சரி. காரணம் நிற்கிறது. இதே கேள்வியில் "காகம்தான் கறுப்பு" என்று காகத்தை வட்டமிட்டிருந்தால் நிற்காது, ஏனென்றால் குழந்தைகள் பார்க்கிற வௌவாலும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், அதனால் அது பறவை இல்லை என்பது அறிவியல் பாடம். அது தெரிந்த குழந்தைக்கு மட்டும்தான் அந்த விடை வரும். சொல்வளத்துக்கான தாளில் குழந்தைக்கு நான்கு சொல்லும் தெரிந்திருந்தால் விடையும் வந்துவிட வேண்டும், வேறொரு பாடத்தில் படித்த செய்தி இருந்தால்தான் வரும் என்ற நிலை இருக்கக் கூடாது. ஆசிரியர் சோதிக்க நினைத்தது ஒன்று, தாள் சோதித்தது வேறொன்று.

சரி, இதைத் திருத்துவது எப்படி? வௌவாலை எடுத்துவிட்டு ஆட்டைப் போடுங்கள். காகம், கிளி, கோழி, ஆடு. இப்போது பறக்காதது எது என்று பார்த்தால் கோழி, ஆடு என்று இரண்டு வருகிறது. வீட்டில் வளர்ப்பது எது என்றாலும் அதே இரண்டு. அதனால் அந்தக் காரணங்களை வைத்து ஒன்றை மட்டும் வெளியே எடுக்க முடியாது. பறவை, பறவை அல்லாதது என்ற பிரிவு மட்டும்தான் ஒற்றைச் சொல்லைத் தருகிறது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிக உதவியான முறை இதுதான்: விடைக்குப் போட்டியாக வரக்கூடிய காரணத்தைத் தேடிப் பிடித்து, அது இரண்டு சொற்களுக்குப் பொருந்தும்படி செய்துவிடுங்கள். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தினால்தான் அது போட்டி விடை ஆகும்.

உறவுப் பெயர்களில் இது அடிக்கடி மாட்டும். அண்ணன், தம்பி, அக்கா, மாமா என்று கொடுத்தால் கூடப்பிறந்தவர் இல்லை என்று மாமாவை எடுக்கலாம், பெண் என்று அக்காவையும் எடுக்கலாம், இரண்டும் ஒரே அளவு வலுவான விடை. தங்கையையும் சேர்த்து ஐந்து சொல்லாக்கினால் பெண்கள் இருவர் ஆகிவிடுவார்கள், மாமா மட்டும் தனியே நிற்பார். சாப்பாட்டிலும் அப்படித்தான். இட்லி, தோசை, பூரி, சட்னி என்று எழுதி, தொட்டுக்கொள்வது சட்னி என்று நாம் நினைத்திருப்போம். குழந்தையோ இட்லியில்தான் எண்ணெய் இல்லை என்று இட்லியை எடுக்கும். பூரிக்குப் பதிலாக இடியாப்பத்தையும் கூடுதலாகச் சப்பாத்தியையும் சேர்த்தால் ஆவியில் வேகுவது இரண்டு, கல்லில் சுடுவது இரண்டு, சட்னி ஒன்றுதான் மிச்சம். நான்கு சொல்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை, ஐந்து வைத்தால் அமைப்பவருக்குத்தான் வசதி.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மாம்பழம், வாழைப்பழம், கொய்யாப்பழம், கத்தரிக்காய் என்று நிறைய தாள்களில் பார்க்கலாம். குழந்தை இதில் எதையும் யோசிக்க வேண்டியதே இல்லை. மூன்று சொல் ஒரே மாதிரி முடிகிறது, ஒன்று வேறு மாதிரி முடிகிறது, எழுத்தைப் பார்த்தே வட்டமிட்டுவிடும், கத்தரிக்காய் என்றால் என்னவென்று தெரியாத குழந்தைக்குக்கூட முழு மதிப்பெண் கிடைக்கும். பூக்களிலும் இதே கதைதான், மல்லிகைப்பூ, ரோஜாப்பூ என்று போனால் 'பூ' என்ற எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். வாலை வெட்டிவிட்டு கொய்யா, மாதுளை, சப்போட்டா, கத்தரி என்று கொடுங்கள். அப்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் குழந்தைக்குத் தெரியுமா என்பது வெளியே வரும். சொற்களின் நீளத்தையும் ஒரு பார்வை பாருங்கள், மூன்று சின்னச் சொல்லுக்கு நடுவில் ஒரு நீளமான சொல் இருந்தால் அதுவும் கண்ணில் குத்தும்.

இன்னொரு விஷயம், தெரியாத சொல்லைக் குழந்தைகள் பொருந்தாத சொல் என்று எடுத்துக்கொள்வார்கள். ரோஜா, மல்லிகை, செண்பகம், முருங்கை என்று கொடுத்தால் செண்பகத்தைக் கேள்விப்படாத குழந்தை அதைத்தான் வட்டமிடும். வகை பிரிக்கத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம், உண்மையில் ஒரு சொல் தெரியவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க, தாளைக் கொடுப்பதற்கு முன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி "இது என்ன, எங்கே பார்த்தே?" என்று கேட்டுவிடுங்கள். புதுச் சொல் கற்றுக்கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன, இந்தப் பயிற்சி தெரிந்த சொற்களை அடுக்கிவைக்கத்தான்.

அதைவிடப் பெரிய தடை வகைக்கான பெயரே தெரியாமல் இருப்பது. நாய், மாடு, சைக்கிள், பஸ் எல்லாம் குழந்தைக்கு மூன்று வயதிலேயே வந்துவிடும். விலங்கு, வாகனம், கருவி, தானியம் எல்லாம் பிந்தித்தான் வரும், அதுவும் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து. வீட்டில் நாம் 'வண்டி' என்போம், தாளில் 'வாகனம்' என்று இருக்கும். சுத்தியலையும் ரம்பத்தையும் சேர்த்து 'கருவி' என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. பெயர் இல்லாத வகையைக் குழந்தையால் பிடித்துக்கொள்ள முடியாது, அப்போது அது வேறு வழியில் சேர்க்கும், எது எதோடு வேலை செய்கிறதோ அதோடு. நாயும் எலும்பும், ரம்பமும் மரக்கட்டையும்.

இது குழந்தைத்தனமான தவறு என்று நினைக்காதீர்கள். சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931-32ல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய், பள்ளிக்கே போகாத பெரியவர்களிடம் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை நான்கையும் காட்டி, சேராதது எது என்று கேட்டார். அவர்கள் மரக்கட்டையை எடுக்க மறுத்தார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்தையும் கோடரியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, நான்கும் வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வாழ்க்கைக்கு அது முழுக்கச் சரியான நியாயமும்கூட. 'கருவி' என்று பெயர் வைத்து அடுக்குவது பள்ளி சொல்லித்தருகிற ஒரு வழி, அதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சோதிக்க வேண்டும். குழந்தைகளிடம் இந்தச் சாய்வு சுலபமாக மாறும் என்பதும் தெரிந்திருக்கிறது. எல்லன் மார்க்மன், ஜீன் ஹட்சின்சன் இருவரும் 1984ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தைக் காட்டி "இதோடு சேர்வது எது?" என்று மட்டும் கேட்டபோது சின்னக் குழந்தைகள் பல முறை கூடவே வருகிற பொருளை எடுத்தார்கள், அந்தப் படத்துக்கு ஒரு புதுப் பெயர் வைத்து "இதே மாதிரி இன்னொன்று எடு" என்று கேட்டதும் ஒரே வகைப் பொருளை எடுப்பது கூடியது. பெயர்தான் குழந்தையின் கவனத்தை வகையின் பக்கம் திருப்புகிறது.

அதனால் வட்டமிடும் தாளை முதலில் கொடுக்காதீர்கள். முதலில் சீட்டுகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய காலண்டர் அட்டையில் பத்துச் சீட்டு வெட்டி பஸ், சைக்கிள், ஆட்டோ, படகு, சுத்தியல், ரம்பம், உளி, கோடரி என்று எட்டில் எழுதுங்கள், மீதி இரண்டில் சாலை, மரக்கட்டை. தரையில் மூன்று தலைப்பு வையுங்கள்: வாகனம், கருவி, வேறு. அந்த 'வேறு' மிக முக்கியம், அது இல்லாவிட்டால் குழந்தை எதையாவது எங்கேயாவது திணித்துத்தான் ஆக வேண்டும். சாலையை வாகனத்துக்குக் கீழே வைத்தால் தப்பு என்று சொல்லாமல், "சாலை ஒரு வாகனமா? அதிலே ஏறிப் போவோமா, அது மேலே போவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் இப்படி விளையாடிய பிறகு தலைப்புகளை எடுத்துவிட்டு அதே சீட்டுகளைக் கொடுத்து, பிரித்துவிட்டுப் பெயரை நீயே சொல் என்று கேளுங்கள். தலைப்பைக் குழந்தையே சொல்வது கடினமான படி, பெயர் வாயிலிருந்து வந்துவிட்டால் வட்டமிடும் தாளுக்கு அது தயார். அந்தத் தாளையும் இதே சீட்டுகளிலிருந்தே எடுக்கலாம்: சுத்தியல், ரம்பம், உளி, மரக்கட்டை.

கடினத்தைக் கூட்டுவதற்கு அரிய சொற்களைத் தேட வேண்டாம், பொருந்தாத சொல்லை மற்றவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நாய், பூனை, பசு, பஸ் என்பது எல்.கே.ஜி.க்கு, அதுவும் படத்தோடு. நாய், பூனை, பசு, மான் என்றால் வளர்ப்பு விலங்கு, காட்டு விலங்கு என்று யோசிக்க வேண்டும், இரண்டாம் வகுப்புக்கு அது போதும். ஒரு பக்கத்தில் ஆறு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள், விடை எப்போதும் கடைசியில் வராமல் இடத்தை மாற்றுங்கள் (அமைக்கிறவர்கள் கடைசியில் போடும் பழக்கத்தைக் குழந்தைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்), ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'ஏன்?' என்று ஒரு கோடு விடுங்கள். எழுதக் கஷ்டப்படும் குழந்தை வாயால் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மதிப்பெண்ணை அந்தக் கோட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, வட்டத்தை நான்கில் ஒரு பங்கு குருட்டாம்போக்கில்கூடச் சரியாகப் போட்டுவிடலாம்.

தாளை முடித்ததும் பையனிடம் கொடுப்பதற்கு முன் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் நான்கு சொல்லையும் மாறி மாறி "இதுதான் பொருந்தாதது" என்று வாதாடச் சொல்லுங்கள். விடையல்லாத ஒரு சொல்லுக்கு மேலே சொன்ன சோதனையில் நிற்கிற காரணம் கிடைத்துவிட்டால் அந்த வரியை மாற்றுங்கள்.

தப்பு போட்டு வந்த தாளைப் பொறுத்தவரை, கோழிக்குப் பக்கத்தில் பையன் கையெழுத்திலேயே "மற்ற மூன்றும் நன்றாகப் பறக்கும்" என்று எழுதவைத்து ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைப் பார்த்தவுடன் ஒத்துக்கொள்வார்கள், அச்சடித்த விடைப் பட்டியலை வைத்து அவசரமாகத் திருத்தும்போதுதான் இப்படி ஆகிறது.