யானைமலைக்கு வயது என்ன? மாணவர் கேள்விகளும் பதில்களும்

மதுரையைச் சேர்ந்த, கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், யானைமலை பூமி உண்டான நாளிலிருந்தே இருக்கிறதா? எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். (ஒத்தக்கடை, 9ஆம் வகுப்பு)

இல்லை தம்பி. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். நம் வட்டாரப் பாறைகள் இன்றைய உருவத்துக்கு வந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பூமியின் வாழ்நாளை எட்டுப் பங்காக்கினால் கடைசிப் பங்கின் தொடக்கம் அது.

நரசிங்கம் குடைவரைக்குப் போகும்போது வெட்டிய பாறைமுகத்தை அருகில் நின்று பார். வெளிர்நிறக் கோடும் கருநிறக் கோடும் மாறி மாறி ஓடும். சில இடங்களில் அவை பிசைந்த மாவு போல மடிந்திருக்கும். ஏற்கெனவே இருந்த வேறொரு பாறை, தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இளகி, ஓரளவு உருகி, மறுபடி இறுகியதன் அடையாளம் அது. அந்த மாற்றத்துக்குத்தான் 55 கோடி என்கிறோம். அதற்கு முன்பிருந்த பாறையின் வயது வேறு.

நீ பார்க்கும் யானை வடிவத்தின் வயதோ இன்னொன்று. மேலே கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையையும் மழையும் வெயிலும் ஆறுகளும் அரித்துக்கொண்டு போன பிறகே உள்ளிருந்த இந்தக் கட்டி வெளியே வந்தது. ஆகவே பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

கீழடியில் கார்பன் சோதனை செய்துதானே காலம் சொன்னார்கள்? அதையே யானைமலைக்கும் செய்தால் என்ன? (திருப்புவனம், 11ஆம் வகுப்பு)

கீழடியில் சோதித்தது கரித்துண்டை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மரம் அது. உயிருள்ள வரை காற்றிலிருந்து கார்பன்-14 அதற்குள் வந்துகொண்டே இருந்தது. மரம் மாண்டதும் வரவு நின்றது, இருப்பு கரையத் தொடங்கியது. 5,730 ஆண்டுகளில் பாதி, அடுத்த 5,730 ஆண்டுகளில் அதிலும் பாதி. 2,600 ஆண்டுப் பழமையான கரியில் ஏறத்தாழ 73 விழுக்காடு மிஞ்சியிருக்கும், நன்றாக அளக்கலாம். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

யானைமலைப் பாறை மரத்தைப் போலக் காற்றிலிருந்து கார்பன் வாங்கி வளர்ந்ததில்லை. வாங்கியிருந்தாலும் 55 கோடி ஆண்டுகளில் ஓர் அணுகூட நிற்காது. டைனோசர் எலும்புக்கே கார்பன்-14 உதவாது. அதனால் "விஞ்ஞானிகள் கார்பன் சோதனை செய்து பூமியின் வயதைக் கண்டார்கள்" என்று எங்கே படித்தாலும் அதை அடித்துவிடு.

மேடம், நான் அறிவியல் ஆசிரியர். யுரேனியம் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எனவே அதைக் கொண்டு 55 கோடி ஆண்டை அளக்க முடியாது என்று வகுப்பில் சொன்னேன். சரிதானே? (திருமங்கலம்)

முதல் பாதி சரி ஐயா. முடிவுதான் தவறு. பாதி கரையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கரைந்த சிறு பங்கை எண்ண முடிந்தால் போதும்.

இந்தப் பாறைகளுக்குள் சிர்கான் என்று ஒரு கனிமம் இருக்கிறது. ஒரு மணி நம் தலைமுடியின் தடிமனோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. அதனால் பின்னாளில் அதற்குள் காணும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததே. 55 கோடி ஆண்டு கழித்துப் பார்த்தால், மீதமுள்ள 1,000 யுரேனியம்-238 அணுக்களுக்கு 89 ஈயம்-206 அணுக்கள் இருக்கும். இன்றைய கருவிகளுக்கு 89 என்பது தாராளமான எண்ணிக்கை.

அதே மணிக்குள் இரண்டாவது கடிகாரமும் ஓடுகிறது. யுரேனியம்-235 விரைவாகச் சிதையும், அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள். அதே காலத்தில் மீதமுள்ள 1,000 அணுக்களுக்கு 719 ஈயம்-207 அணுக்கள் சேர்ந்திருக்கும். இரண்டு கணக்கும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் ஈயம் கசிந்திருக்கும்.

நம் வட்டாரப் பாறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிர்கானைப் பாதியாகத் தேய்த்து எலக்ட்ரான் கற்றையை அதன்மேல் பாய்ச்சினால், மரத்தின் வளையங்கள் போல உள்ளே ஒரு கருவும் வெளியே ஒரு விளிம்பும் ஒளிர்ந்து தெரியும். விளிம்பு 55 கோடியை ஒட்டிய வயதைக் காட்டும். கரு பழைய பாறையிலிருந்து உருகாமல் தப்பி வந்தது. சில இடங்களில் அது 250 கோடி ஆண்டு வரை போகிறது. லேசர் புள்ளி கருவிலும் விளிம்பிலும் பாதிப் பாதியாக விழுந்துவிட்டால், 120 கோடி என்பது போல நடுவில் ஒரு வயது வரும். அந்தக் காலத்தில் இங்கே எதுவுமே நடந்திருக்காது, அது வெறும் கலவை எண். அதனால்தான் முதலில் படம் எடுத்து, புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டு அளக்கிறார்கள்.

அப்படியானால் 454 கோடி வயதுள்ள பாறை எங்கே இருக்கிறது? (மதுரை, 12ஆம் வகுப்பு)

பூமியில் எங்கும் கிடைக்கவில்லை பாப்பா. தொடக்க காலத் தரை உருகியும் புதைந்தும் அழிந்துவிட்டது. கனடாவின் அகாஸ்டா பாறை சுமார் 400 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்கான் மணி 440 கோடி ஆண்டு. ஆனால் அந்த மணியைச் சுமக்கும் பாறை அதைவிட நூறு கோடி ஆண்டுக்கு மேல் இளையது. பழைய வீட்டுச் செங்கலை எடுத்துப் புதுச்சுவர் கட்டியது போல.

பூமியின் வயதைக் காட்டியவை பூமியோடு சேர்ந்து பிறந்து, பிறகு மாறாமல் கிடந்த விண்கற்கள். அவற்றின் ஈயத்தை அளந்து 1956இல் கிளேர் பாட்டர்சன் 455 கோடி என்று வெளியிட்டார். இன்றைய எண் அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

நான் மாணவன் இல்லை. மேலூர்ப் பக்கம் கல் பாலிஷ் கடை வைத்திருக்கிறேன். காஷ்மீர் ஒயிட் போட்ட சமையல் மேடையில் சிவப்புப் புள்ளி இருக்கிறது, கல் துருப்பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் சண்டை போடுகிறார். வயதான கல் என்பதால் இப்படி ஆகுமா?

வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை ஐயா. ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள், பாறைக்கும் கனிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மேடையிலேயே காட்டலாம். அந்தப் பலகை முழுவதும் ஒரு பாறை. அதில் வெள்ளையாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போன்ற சாம்பல்நிறம் குவார்ட்ஸ், சிவப்புப் புள்ளி கார்னெட். மூன்றும் தனித்தனிக் கனிமங்கள். பெயரில் காஷ்மீர் இருந்தாலும் அந்தக் கல் நம் பக்கத்துக் குவாரியிலிருந்து வருவது. வியாபாரத்தில் பளபளப்பாகத் தேய்க்க முடிகிற கெட்டிக் கல் எல்லாம் கிரானைட். எங்கள் கணக்கில் இது வெப்பத்தில் உருமாறிய பாறை, அந்தக் கார்னெட்டே அதற்குச் சாட்சி.

கத்தி முனையால் புள்ளியைக் கீறுங்கள். கார்னெட் என்றால் கீறல் விழாது, ஓரம் கூர்மையாகவும் நிறம் ஒயின் சிவப்பாகவும் இருக்கும். புள்ளியைச் சுற்றிப் பழுப்பு நிறம் பரவி, தண்ணீர் தேங்கும் குழாயடியில் மட்டும் கூடிக்கொண்டே போனால் வீட்டுக்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. இரும்புள்ள மணிகளிலிருந்து கறை கசியும். அப்போது சீலர் பூசாமல் விட்டதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தரைக்கு வாங்கிய பலகைக் கல்லில் பெரணிச் செடி பதிந்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது புதைபடிவம்தானே? அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா? (உசிலம்பட்டி, 10ஆம் வகுப்பு)

படம் அழகாக இருக்கிறது. ஆனால் செடியாகத் தோன்றவில்லை. கல்லின் மயிரிழை வெடிப்புக்குள் நீர் ஊறி, அதில் கரைந்திருந்த மாங்கனீசு கறுப்பாகப் படியும்போது இப்படிக் கிளைவிடும். உண்மையான பெரணி இலை என்றால் நடுநரம்பு ஒன்று ஓடும், சிற்றிலைகள் ஓர் ஒழுங்கில் நிற்கும். உன் படத்தில் கிளைகள் எல்லாம் வெடிப்பின் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒழுங்கில்லாமல் விரிகின்றன, நடுநரம்பு எங்கும் இல்லை.

பத்து மடங்கு லென்சு கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடு. நரம்பு தெரிந்தால் எனக்கு உடனே எழுது, என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

யானைமலைப் பக்கம் புதைபடிவம் தேடி அலையவும் வேண்டாம். 800 டிகிரியில் இளகிய பாறையில் சிப்பியின் வடிவமோ எலும்போ தப்பாது. பார்க்க ஆசையிருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போ. 18 மீட்டர் நீளத்தில் கல்மரம் கிடக்கிறது, டைனோசர் காலத்தது. மரம் அப்படியே கல்லாகிவிடவில்லை. மட்கும் முன்பே புதைந்து, நீரில் வந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளுக்குள் படிந்ததால் வடிவம் காக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வராதே.

வயலில் கல் பொறுக்கப் பொறுக்க வருகிறது. கல் வளர்கிறது என்கிறார் அப்பத்தா. சார் சிரிக்கிறார். (கல்லுப்பட்டி, 7ஆம் வகுப்பு)

அப்பத்தா சொல்வதில் பாதி உண்மை. பெரும்பாலான கற்கள் வளர்வதில்லை. உழவு புரட்டுவதாலும் மழை மண்ணைக் கொண்டுபோவதாலும் அவை மேலே தெரிகின்றன. ஆனால் கரிசலில் கிடக்கும் வெள்ளை உருண்டைச் சுக்கான் கல் மண்ணுக்குள்ளேயே உருவாகிறது. ஈரம் காயும்போது சுண்ணாம்பு படிந்து படிந்து திரள்கிறது. அதைப் பொடித்து வினிகர் விட்டால் நுரைக்கும். உங்கள் சாரிடம் செய்து காட்டு. ஆனால் அது வளர நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆண்டுகள் ஆகும், ஒரு வெள்ளாமைக்குள் வளர்ந்துவிடாது.

டீச்சர், சிவகங்கையில் கிராபைட் எடுக்கிறார்கள். கிராபைட் என்றால் கார்பன். கார்பன் என்றால் உயிரிலிருந்துதானே வந்திருக்கும்? நம் பாறையில் புதைபடிவம் இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள்? (சிவகங்கை, 11ஆம் வகுப்பு)

வடிவம் மிஞ்சவில்லை என்றுதான் சொன்னேன். உயிரின் சுவடே இல்லை என்று சொல்லவில்லை. பழைய கடலின் சேற்றில் படிந்த நுண்ணுயிர்களின் கார்பன் வெப்பத்தில் கிராபைட் ஏடுகளாக மாறியிருக்கலாம். பூமியின் ஆழத்திலிருந்து வந்த கார்பன் டைஆக்சைடு பாறை வெடிப்புகளில் கிராபைட்டாகப் படிந்ததும் உண்டு. உயிரினம் எடையில் குறைந்த கார்பன்-12ஐ விரும்பி எடுக்கும் என்பதால், கார்பன்-13 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் கடும் வெப்பத்தில் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையோடு கார்பன் பரிமாறிக்கொண்டால் அந்த விகிதமும் மாறிவிடும். உருமாறிய பாறைகளின் கிராபைட்டைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏடுகள் பாறையின் கோடுகளோடு ஒட்டி ஓடுகின்றனவா, குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றனவா என்பது முதலில் பார்க்க வேண்டிய ஒன்று. உங்கள் ஊர்ப் பாறையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்து எழுது.